71 ஜிபி, 15 ஜிபி: ஒரு கிளவுட் திட்டத்தை நிறுத்தும்போது நடந்தவை

தோழி ஒருவர், கூகுள் கணக்கில் கூடுதல் இடத்துக்காகப் பணம் கட்டிவந்த கூகுள் ஒன் 100 ஜிபி திட்டத்தை நிறுத்த முடிவு செய்தார். "ரத்து செய்துவிட்டால் இலவச 15 ஜிபிக்கு மேல் இருப்பதெல்லாம் அன்றைக்கே அழிந்துவிடுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அழியாது. ஆனால் அவர் பயப்படாத வேறு ஒன்று, திட்டக் காலம் முடிகிற அன்றைக்கே நின்றுபோகும். அவருடைய மின்னஞ்சல்தான் அது.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இலவச எல்லையைத் தாண்டிய பெரும்பாலான கணக்குகளில் இருக்கும் சிக்கல்கள் எல்லாமே இதில் இருந்தன. சேமிப்பகப் பக்கத்தில் தெரிந்த கணக்கு ஏறக்குறைய இப்படி: போட்டோஸ் 46 ஜிபி, டிரைவ் 13, ஜிமெயில் 8, வாட்ஸ்அப் பேக்கப் 4. மொத்தம் 71. திட்டம் முடிந்த பிறகு கிடைக்கப்போவது 15. அது இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 15, தனித்தனியாக அல்ல. பலருக்கு இந்த இடத்திலேயே தடுமாற்றம் வருகிறது. "நான் படங்களைத்தானே அதிகமாக வைத்திருக்கிறேன், மின்னஞ்சலுக்கு என்ன வந்தது?" என்று கேட்பார்கள். ஒரே தொட்டிதான். படங்கள் அதை நிரப்பிவிட்டால் மின்னஞ்சலுக்கும் இடம் இருக்காது.

ரத்து செய்த நாளும் எல்லை குறையும் நாளும்

ரத்து பொத்தானை அழுத்திய உடனே எதுவும் மாறுவதில்லை. ஏற்கெனவே பணம் கட்டிய காலம் முடியும்வரை 100 ஜிபி அப்படியே இருக்கும். அந்தக் காலம் முடிகிற நாளில்தான் எல்லை 15-க்கு இறங்கும். ஆண்டுச் சந்தா கட்டியவருக்கு இடையில் பல மாதங்கள்கூட இருக்கலாம். அதனால் முதலில் ரத்து செய்துவிட்டு, மீதமுள்ள காலத்தில் நிதானமாக இடத்தைக் காலி செய்வதில் தவறில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: சந்தாவை எந்த வழியில் வாங்கினீர்களோ அந்த வழியில்தான் நிறுத்த வேண்டும். ஐபோனில் ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால், ஆப்பிள் கணக்கின் சந்தாப் பட்டியலுக்குப் போய் நிறுத்த வேண்டும். கூகுள் ஒன் செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது, மாதாமாதம் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

எல்லை இறங்கும் நாளில் கணக்கு அதற்கு மேல் இருந்தால் நடப்பவை இவை. பழைய கோப்புகளைத் திறக்கலாம், பார்க்கலாம், பதிவிறக்கலாம், அழிக்கலாம். புதிதாக எதையும் ஏற்ற முடியாது. போனில் எடுக்கும் படங்கள் போனிலேயே தங்கிவிடும், பேக்கப் ஆகாது. டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் கோப்புகளைப் புதிதாக உருவாக்கவோ திருத்தவோ முடியாது. ஜிமெயிலில் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது.

இந்தத் திருத்த முடியாத நிலை உங்களோடு நிற்பதில்லை. நீங்கள் உரிமையாளராக இருக்கும் ஒரு ஷீட்டை நான்கு பேர் தினமும் நிரப்பிக்கொண்டிருந்தால், அவர்களுடைய கணக்கில் எவ்வளவு இடம் இருந்தாலும் அந்தக் கோப்பை அவர்களாலும் திருத்த முடியாது. தோழியின் டிரைவில் அலுவலக வருகைப் பதிவு ஷீட் ஒன்று அப்படித்தான் இருந்தது. பல வருடங்களுக்கு முன் வசதிக்காகச் சொந்தக் கணக்கில் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது.

வராத கடிதம்

மின்னஞ்சல் நிற்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சத்தமில்லாமல் நடக்கும். இடம் இல்லாத கணக்குக்கு வரும் கடிதம் எங்கோ வரிசையில் காத்திருந்து, நீங்கள் இடம் செய்ததும் வந்து விழும் என்று பலர் நம்புகிறார்கள். அனுப்பிய சர்வர் கொஞ்ச நேரம் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதன் பிறகு கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அந்தத் திரும்பிய கடிதத்தில் `552 5.2.2` என்ற எண்ணும், பெறுநரின் பெட்டியில் இடம் இல்லை என்ற வாசகமும் இருக்கும். அது அனுப்பியவருடைய கண்ணில்தான் படும். உங்கள் பெட்டியில் ஒரு தடயமும் இருக்காது.

அனுப்பியவர் மனிதராக இருந்தால் போன் செய்து கேட்பார். வங்கி, மின்வாரியம், கடவுச்சொல் மாற்றும் இணைப்பை அனுப்பும் தளம் என்று எந்திரமாக இருந்தால் திரும்பிய கடிதத்தை யாரும் படிப்பதில்லை. இன்னும் மோசமாக, மொத்தமாகக் கடிதம் அனுப்பும் சில அமைப்புகள் ஒரு முகவரியிலிருந்து கடிதம் திரும்பி வந்தால் அதைத் தங்கள் தடைப் பட்டியலில் போட்டுவிடும். நீங்கள் இடத்தைக் காலி செய்த பிறகும் அந்த ஓர் இடத்திலிருந்து மட்டும் கடிதம் வராது. மற்ற எல்லாமே சரியாக வந்துகொண்டிருப்பதால் சந்தேகமும் வராது. உங்கள் ஜிமெயில் முகவரிதான் மற்றக் கணக்குகளுக்கெல்லாம் சாவி என்றால், எல்லைக்கு மேல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து. படங்களுக்கு அவகாசம் இருக்கிறது, மின்னஞ்சலுக்கு இல்லை.

அந்த அவகாசம் எவ்வளவு? தொடர்ந்து 2 ஆண்டுகள் எல்லைக்கு மேலேயே இருந்தால், ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றிலும் உள்ளவற்றைக் கூகுள் அழிக்கலாம். 2021 ஜூன் 1 முதல் இருக்கும் விதி இது. அழிப்பதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பு அறிவிப்பு வரும். எல்லைக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் கத்தரித்து எடுப்பார்கள், 15 ஜிபி பத்திரமாக இருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். விதியில் அப்படி ஓர் உறுதி கிடையாது.

தங்கையின் கணக்கு

ரத்து செய்யும் முன்பு "இந்தத் திட்டத்தை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?" என்று கேட்டேன். "இல்லை, நான் மட்டும்தான்" என்றார். குடும்பக் குழுப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது தங்கையின் பெயர் இருந்தது. எப்போதோ சேர்த்துவிட்டு இருவருமே மறந்திருந்தார்கள்.

குடும்பக் குழுவில் மேலும் 5 பேர் வரை சேரலாம். ஒவ்வொருவரும் முதலில் தங்களுடைய சொந்த 15 ஜிபியை நிரப்புவார்கள். அதற்கு மேல் போனால்தான் பொதுவான இடத்திலிருந்து எடுப்பார்கள். தங்கையின் கணக்கில் 19 ஜிபி இருந்தது. அதாவது அக்காவின் திட்டத்திலிருந்து 4 ஜிபி அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. திட்டம் முடிகிற அன்று எதையும் தொடாத தங்கையின் மின்னஞ்சலும் நின்றிருக்கும், அதுவும் காரணமே புரியாமல். ரத்து செய்பவர் குழுவின் மேலாளராக இருந்தால், குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் அவரவர் சேமிப்பகப் பக்கத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மேலாளரின் திரையில் யார் எவ்வளவு இடம் எடுக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் அவர்களுடைய கோப்புகளைப் பார்க்கவோ அழிக்கவோ முடியாது.

46 ஜிபி என்றது மீட்டர், வந்தது 97

மிகப் பெரிய வேலை போட்டோஸில் இருந்தது. "அதெல்லாம் போனிலும் இருக்கும்தானே, கிளவுடில் மட்டும் அழித்துவிடலாம்" என்றார் தோழி. இல்லை. போனில் இடம் குறையும்போதெல்லாம் செயலியில் உள்ள 'இடத்தைக் காலி செய்' பொத்தானை அவர் அழுத்தி வந்திருக்கிறார். பேக்கப் ஆன படங்களை போனிலிருந்து நீக்குவதுதான் அந்தப் பொத்தானின் வேலை. ஆகவே கடந்த சில மாதப் படங்களைத் தவிர மற்றவற்றுக்குக் கிளவுடில் இருப்பதுதான் ஒரே பிரதி. மீதி படங்களிலும் ஆபத்து உண்டு. பேக்கப் இயங்கும் போனில், கிளவுடில் அழித்தால் போனிலிருந்தும் போய்விடும். அதனால் ஒரு படத்தைக்கூட அழிக்கும் முன் எல்லாவற்றையும் வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் எடுக்க வேண்டியிருந்தது.

அதற்கான வழி கூகுள் டேக்அவுட், `takeout.google.com`. அதில் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, ஜிப் கோப்பின் அளவை 10 ஜிபி என்று வைத்தோம். 50 ஜிபி வரை வைக்கலாம். ஆனால் ஒரு பெரிய கோப்பு பாதியில் அறுந்தால் முழுவதையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குப் பதிவிறக்க இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைவில் சேர்க்கச் சொன்னால் அதுவும் அதே தொட்டியில்தான் விழும். ஏற்கெனவே எல்லை தாண்டிய கணக்கில் அதற்கு இடமே இருக்காது. இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரம் வரைதான் வேலை செய்யும் என்பதால், கையில் டிஸ்க் இருக்கும்போது கேட்பது நல்லது.

சேமிப்பகப் பக்கத்தின் மீட்டர் 46 ஜிபி காட்டியது. இறங்கியதோ பத்து ஜிப் கோப்புகள், மொத்தம் 97 ஜிபி. தோழி பயந்துவிட்டார், ஆனால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். 2021 ஜூன் 1-க்கு முன் 'உயர் தரம்' என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் கணக்கில் சேர்வதில்லை. மீட்டரில் அவை பூஜ்யம், டேக்அவுட்டில் முழு எடை. அதோடு, ஆல்பத்தில் உள்ள படம் ஆண்டுக் கோப்புறையில் ஒரு முறையும் ஆல்பக் கோப்புறையில் ஒரு முறையும் வரும். மீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் டிஸ்கில் இடம் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பழைய படங்கள் பூஜ்யம் என்பதால் இன்னொன்றும் தெளிவாகிறது. இடம் வேண்டும் என்றதும் எல்லோரும் மிகப் பழையவற்றிலிருந்து அழிக்கத் தொடங்குகிறார்கள். உயர் தரத்தில் ஏற்றிய 2016, 2017 படங்களை மணிக்கணக்கில் உட்கார்ந்து அழித்தாலும் மீட்டர் அசையாது. ஒரு படத்தைத் திறந்து அதன் விவரப் பகுதியைப் பார்த்தால், அது இடம் எடுக்கிறதா இல்லையா என்று எழுதியிருக்கும். இடம் எடுக்காதவற்றைத் தொடாமல் அங்கேயே விட்டுவிடுவதுதான் லாபம்.

இறக்கிய ஜிப் கோப்புகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சிறியதாக இருந்தது. கடைசிக் கோப்பு சிறியதாக இருப்பது இயல்பு, நடுவில் உள்ளது அப்படி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மேக் அல்லது லினக்ஸ் கணினியின் டெர்மினலில் இப்படிச் சோதிக்கலாம்:

```
unzip -tq takeout-004.zip
```

பிழை என்று வந்தது. இணைய இணைப்பு இடையில் அறுந்ததால் பிரவுசர் அரைகுறையாக முடித்திருந்தது. அந்த ஒன்றை மட்டும் மறுபடி இறக்கினோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் அழிக்கும் வேலையைத் தொடங்கியிருந்தால், ஒரு பகுதிப் படங்கள் எங்குமே இல்லாமல் போயிருக்கும்.

பிறகு பத்தையும் ஒரே கோப்புறைக்குள் விரித்தோம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதன் விவரங்களைத் தாங்கிய ஒரு சிறிய ஜேசன் கோப்பு வரும். படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் இன்னொரு ஜிப்பிலும் இருக்கலாம் என்பதால், தனித்தனியாக விரித்தால் ஜோடி பிரிந்துவிடும். குப்பை என்று நினைத்து அவற்றை அழித்துவிட வேண்டாம். கேமராவில் எடுத்த படத்துக்குத் தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அது இருக்காது. அதன் தேதி அந்த ஜேசனில்தான் இருக்கும், செயலியில் நாமாக எழுதிய குறிப்புகளும் அப்படியே. பின்னாளில் வேறொரு செயலியில் இந்தப் படங்களை வரிசைப்படுத்த நினைத்தால், அந்தச் சின்னக் கோப்புகள் இல்லாமல் அப்படிப்பட்ட படங்களெல்லாம் பதிவிறக்கிய நாளில் எடுத்தவைபோல் வந்து குவியும்.

டிஸ்கில் உள்ளதை இன்னொரு டிஸ்கிற்கும் படி எடுத்த பிறகுதான் அழிக்கத் தொடங்கினோம்.

இறங்கிய வரிசை

`photos.google.com/quotamanagement` பக்கத்தில் பெரிய வீடியோக்கள் அளவு வரிசையில் வரும். 2021-க்குப் பிந்தைய வீடியோக்கள் மட்டும் 32 ஜிபி. அவை போனதும் போட்டோஸ் 14-க்கு வந்தது. உடனே வரவில்லை. அழித்தவை குப்பைத்தொட்டிக்குப் போய் 60 நாள் வரை அங்கே இருக்கும், அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். அப்புறமும் மீட்டர் குறையச் சற்று நேரம் எடுக்கும்.

மீதி 14-ஐக் குறைக்க, இணையதள அமைப்புகளில் உள்ள 'ரெகவர் ஸ்டோரேஜ்' வசதியைப் பயன்படுத்தினோம். அசல் தரத்தில் ஏற்றியவற்றை 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்துக்குச் சுருக்குவது அது. 16 மெகாபிக்சலுக்கு மேல் உள்ள படம் 16-க்கும், 1080பி-க்கு மேல் உள்ள வீடியோ 1080பி-க்கும் இறங்கும். திரும்ப அசலுக்குப் போக முடியாது. அசல் டிஸ்கில் இருந்ததால் எங்களுக்குக் கவலை இல்லை, மற்றபடி இதை நான் யாருக்கும் முதல் படியாகச் சொல்ல மாட்டேன். 14 ஜிபி 6 ஆனது. ஸ்கிரீன்ஷாட்டுகளையும் ரசீதுப் படங்களையும் நீக்கியதும் 4.

டிரைவில் `drive.google.com/drive/quota` அளவு வரிசையைக் காட்டும். பயிற்சி வகுப்புப் பதிவுகள்தான் 13-இல் பெரும்பகுதி. பிறர் பகிர்ந்த கோப்புகள் அவரவர் கணக்கில்தான் சேரும் என்பதால், அவற்றை நீக்குவதால் நமக்கு ஒன்றும் மிச்சமாகாது. மறுபக்கம், நமக்குச் சொந்தமான கோப்பைப் பகிர்ந்த கோப்புறையிலிருந்து அழித்தால் மற்றவர்களும் இழப்பார்கள். அலுவலகத்தில் இன்னும் பார்க்கும் பதிவுகளையும் அந்த வருகை ஷீட்டையும் சக ஊழியர் ஒருவருக்கு உரிமை மாற்றிக் கொடுத்தார். அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் எடை அவர் கணக்குக்குப் போகும். தோழிக்கு மிஞ்சியது 2 ஜிபி.

ஜிமெயிலில் `has:attachment larger:10M` என்று தேடினால் போதும். ஆயிரக்கணக்கான சிறிய கடிதங்களை அழிப்பது வீண் உழைப்பு. 8 ஜிபி 5 ஆனது. வாட்ஸ்அப்பில் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்கும் அமைப்பை அணைத்து, புதிதாக ஒரு பேக்கப் எடுத்ததும் 4 ஜிபி 1-க்கு வந்தது. மொத்தம் 12.

மற்றச் சேவைகளில்

வரிசை ஏறக்குறைய இதேதான், எண்கள் வேறு. ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி. தாண்டினால் படங்கள் ஏறுவதும் போன் பேக்கப்பும் நிற்கும், ஐகிளவுட் முகவரிக்குக் கடிதமும் வராது. அங்கே கவனிக்க வேண்டியது 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' அமைப்பு. அது இயங்கினால் போனில் இருப்பது சிறிய பிரதி, அசல் கிளவுடில்தான் இருக்கும். கேலரியில் எல்லாம் தெரிவதை நம்பி ஏமாறக் கூடாது. ஒன்டிரைவிலும் இலவசம் 5 ஜிபிதான், ஆனால் பொறுமை குறைவு. எல்லைக்கு மேல் 6 மாதம் தாண்டினால் மைக்ரோசாஃப்ட் கோப்புகளை அழிக்கலாம். டிராப்பாக்ஸில் இலவசம் 2 ஜிபி. தாண்டினால் ஒத்திசைவு நின்றுவிடும், ஒரு கணினியில் மாற்றியது இன்னொன்றுக்குப் போகாது. கணினியின் கோப்புறையில் வழக்கம்போல் வேலை நடந்துகொண்டே இருப்பதால், இது தெரியவே பல நாள் ஆகலாம்.

தோழியின் 12 ஜிபி நிலைக்க வேண்டுமானால் போனின் அமைப்பும் மாற வேண்டியிருந்தது. பேக்கப் தரத்தை ஸ்டோரேஜ் சேவராக வைத்து, வாட்ஸ்அப் கோப்புறையைப் பேக்கப்பிலிருந்து விலக்கினார். தங்கை தன் 19 ஜிபியிலிருந்து இரண்டு பழைய போன்களின் பேக்கப்பையும் சில வீடியோக்களையும் நீக்கி 13-க்கு இறங்கினார். திட்டம் முடிந்த மறுநாள் இருவரும் வேறு கணக்குகளிலிருந்து தங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டும் வந்து சேர்ந்தன.